முதல் முதலீட்டுக் கணக்கு: உங்கள் பெயரும் நாமினியின் பெயரும்

நம் குடும்பங்களில் சேமிப்பு என்றால் பெரும்பாலும் நகை, மனை, சீட்டு இந்த மூன்றும்தான். வங்கி வைப்பு நிதியில் வட்டி இருக்கிறது என்பதால் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. வட்டித் தொழில், மது போன்றவற்றை ஒதுக்கிவிட்டு மற்ற நிறுவனங்களின் பங்குகளில் மட்டும் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகள் இந்தியாவிலும் இருக்கின்றன என்பது அண்மைக் காலமாகத்தான் நம் வீடுகளில் பேசப்படுகிறது. டாடா எத்திக்கல் ஃபண்ட், டாரஸ் எத்திக்கல் ஃபண்ட் ஆகியவை அந்த வகையில் நெடுநாட்களாக இருப்பவை. அவை நமக்கு ஏற்றவையா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது ஒருபுறம். பங்கு முதலீட்டில் போட்ட பணம் குறையவும் செய்யும் என்பது மறுபுறம். இந்தக் கட்டுரையில் நாம் பேசப்போவது அவற்றைப் பற்றி அல்ல. முதலீடு செய்வது என்று முடிவெடுத்த ஒருவர் கணக்கைத் திறக்க உட்காரும்போது எங்கே சிக்குகிறார், அதை எப்படித் தீர்ப்பது என்பதைத்தான்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் பகுதியில் வசிக்கும் ஒரு சகோதரரை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் முஹம்மது இப்ராஹீம், தந்தை பெயர் ஷாகுல் ஹமீது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 ரூபாய் போட்டு வர நினைக்கிறார். இதற்கு டீமேட் கணக்கு தேவையில்லை. பங்குகளை நேரடியாக வாங்கி விற்பவருக்கும், பங்குச் சந்தையில் விற்கப்படும் இடிஎஃப் வாங்குபவருக்கும்தான் டீமேட் கட்டாயம். சாதாரண மியூச்சுவல் ஃபண்டுக்கு அந்த நிறுவனத்திலேயே ஃபோலியோ என்ற கணக்கு எண் திறந்தால் போதும். முதல் கணக்கை இப்படித் தொடங்குவதே நல்லது என்பது நமது கருத்து. டீமேட் கணக்கு திறக்கும் செயலிகள் பல, ஊக வணிகத்துக்கான எஃப் அண்ட் ஓ வசதியையும், கடன் வாங்கிப் பங்கு வாங்கும் வசதியையும் அதே படிவத்தில் நீட்டுகின்றன. அந்தக் கடனுக்கு வட்டி உண்டு. அவசரத்தில் டிக் அடித்துவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் 'புதிய முதலீட்டாளர்' என்ற இடத்தை அழுத்தியதும் முதலில் கேட்கப்படுவது பான் எண். அந்த எண்ணை வைத்து, நம்முடைய கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, ஏற்கெனவே முடிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கேஒய்சி விவரங்களைச் சேமித்து வைப்பதற்கென்றே செபியிடம் பதிவு பெற்ற சில நிறுவனங்கள் உள்ளன. கேஆர்ஏ என்பது அவற்றின் பொதுப்பெயர். ஒரு முறை அங்கே நம் விவரம் ஏறிவிட்டால், வேறு எந்த ஃபண்ட் நிறுவனத்துக்குப் போனாலும் அதையே எடுத்துக்கொள்வார்கள். நாமே பான் எண்ணைக் கொடுத்து நிலையைப் பார்க்க கேஆர்ஏ இணையதளங்களில் வசதி உண்டு. அங்கே திரையில் வரும் சொற்களை அறிந்து வைத்திருப்பது உதவும். "KYC Validated" என்று வந்தால் எல்லா இடத்திலும் செல்லும். "KYC Registered" என்று வந்தால், ஏற்கெனவே முதலீடு செய்த இடத்தில் தொடரலாம். ஆனால் புதிய நிறுவனத்துக்குப் போனால் ஆவணங்களை மீண்டும் கேட்பார்கள். "On Hold" என்றால் ஏதோ ஒரு விவரம் பொருந்தவில்லை, அதைச் சரிசெய்தால்தான் வழி திறக்கும். எந்தப் பதிவும் இல்லை என்று வந்தால் புதிதாகத் தொடங்க வேண்டும்.

நம் சகோதரருக்குப் பதிவு இல்லை. எனவே புதிய கேஒய்சி. இணையத்தில் இது நடக்கும் விதம் எளிதானதே. டிஜிலாக்கர் பக்கம் திறக்கும். ஆதார் எண்ணைக் கொடுத்தால், ஆதாரில் பதிவான கைப்பேசிக்கு ஓடிபி வரும். அதைக் கொடுத்ததும் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் ஆதாரிலிருந்து தானாக வந்து படிவத்தில் அமர்ந்துகொள்ளும். அடுத்து கைப்பேசிக் கேமராவில் அப்போதே ஒரு படம் எடுக்கச் சொல்லும். முகம் நெற்றியிலிருந்து தாடை வரை தெளிவாகத் தெரிய வேண்டும். சகோதரிகள் தலையை மறைத்திருப்பது இதற்குத் தடையில்லை, முகம்தான் தெரிய வேண்டும். பிறகு வெள்ளைத்தாளில் பேனாவால் போட்ட கையெழுத்தின் படம். கடைசியில் இன்னொரு ஆதார் ஓடிபி மூலம் மின்கையொப்பம். எல்லாம் பொருந்தினால் சில வேலை நாட்களில் "KYC Validated" என்ற நிலை வந்துவிடும்.

ஆதாரில் நாம் இப்போது பயன்படுத்தும் கைப்பேசி எண் பதிவாகியிருக்கிறதா என்பதை இதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எண் இருந்தால் முதல் ஓடிபியிலேயே வேலை நின்றுவிடும். எண்ணை முதலில் மாற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும். பானும் ஆதாரும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அப்படியே. இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலற்றவையாக அறிவிக்கப்பட்டன. காலம் கடந்து இணைப்பவர்களுக்கு 1,000 ரூபாய் கட்டணம் விதிக்கப்பட்டது.

இனி நம் சமுதாயத்துக்கென்றே உள்ள சிக்கலுக்கு வருவோம். பெயர்.

நம் சகோதரரின் மூன்று ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆதாரில் MOHAMED IBRAHIM S. பான் கார்டில் MOHAMED IBRAHIM SHAHUL HAMEED. வங்கி பாஸ்புக்கில் S MOHAMMED IBRAHIM. மூன்றும் ஒரே ஆள் என்பது தெருவில் யாருக்கும் தெரியும். ஆனால் சரிபார்ப்பது கணினி. அது எழுத்துகளைத்தான் ஒப்பிடும்.

இந்த வேறுபாடு யாருடைய கவனக்குறைவாலும் மட்டும் வந்ததல்ல. தமிழ்நாட்டில் நாம் இனிஷியல் போட்டு எழுதுகிறோம். பான் விண்ணப்பத்தின் கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியல் மட்டும் எழுத அனுமதியில்லை. எனவே விண்ணப்பத்தை நிரப்பியவர் 'எஸ்' என்பதை விரித்து, தந்தை பெயரை முழுமையாகப் போட்டிருப்பார். கடவுச்சீட்டிலும் இதே கதைதான், இனிஷியலை விரித்தே எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழை வைத்து எடுத்த ஆதாரில் இனிஷியல் அப்படியே நின்றுவிட்டது. வங்கியில் கணக்கு திறந்த அன்று எழுத்தர் காதில் விழுந்தபடி 'முஹம்மது'வுக்கு இரண்டு 'எம்' போட்டுவிட்டார். Mohamed, Mohammed, Muhammad, Mohd என்று ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பதை நம் வீட்டு அட்டைகளை எடுத்துப் பார்த்தாலே தெரியும். பீவி, பீபி, பேகம் என்று முடியும் பெண்களின் பெயர்களிலும் இப்படித்தான்.

திருமணமான சகோதரிகளுக்கு இன்னும் ஒரு படி கூடுதல். பான் எடுத்தது தந்தையின் இனிஷியலோடு, வங்கிக் கணக்கு திறந்தது கணவர் பெயரோடு, ஆதாரில் முகவரியில் மட்டும் கணவர் பெயர் ஏறியிருக்கும். ஆதார் முகவரியில் W/O என்று வருவது பெயரின் பகுதியல்ல. அதை மாற்றியதால் பெயர் மாறிவிட்டது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். முகவரி வரிக்கு மேலே, பெயர் என்று தனியாக இருக்கும் வரியைத்தான் ஒப்பிடுவார்கள்.

சரி, எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? இங்கே வரிசை முக்கியம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் திருத்த முடியும். ஆகவே அதை யோசித்துச் செலவிட வேண்டும். பான் கார்டில் திருத்தம் கேட்க அத்தகைய எண்ணிக்கை வரம்பு எதையும் நாம் சந்திப்பதில்லை. வங்கியில் திருத்துவது எல்லாவற்றிலும் எளிது. கிளையில் ஒரு கடிதமும் பான், ஆதார் நகல்களும் கொடுத்தால் செய்துவிடுவார்கள். எனவே முதலில் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டு இருந்தால் அதில் உள்ளதையே நிலையாக வைப்பது நல்லது. நாளை உம்ராவுக்கோ வேலைக்கோ போகும்போது அதை மாற்றுவதுதான் பெரும் பாடு. கடவுச்சீட்டு இல்லையென்றால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டல்.

நம் சகோதரரின் கடவுச்சீட்டில் இருப்பதும் பான் கார்டில் இருப்பதும் ஒன்றே, MOHAMED IBRAHIM SHAHUL HAMEED. ஆகவே பானைத் தொட வேண்டியதில்லை. கடவுச்சீட்டை ஆதாரமாகக் காட்டி ஆதார் மையத்தில் இனிஷியலை விரித்துத் திருத்திக்கொள்கிறார். தாலுகா அலுவலகம், அஞ்சலகம், சில வங்கிக் கிளைகள் ஆகிய இடங்களில் இந்த மையங்கள் உண்டு. ஒப்புகைச் சீட்டு வாங்குவதற்கு முன், திரையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. 2 வாய்ப்புகளில் 1 அங்கே செலவாகிறது. திருத்திய ஆதார் வந்தபின் அதையும் பானையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போகிறார். மூன்றும் ஒன்றானபின் கேஒய்சியைத் தொடங்குகிறார். அதற்குச் சில வாரங்கள் போகலாம். ஆனால் முரண்பட்ட பெயர்களோடு தொடங்கி, நிராகரிக்கப்பட்டு, காரணம் புரியாமல் மறுபடி மறுபடி முயல்வதைவிட அது குறைந்த அலைச்சல்.

கடைகளில் கொடுத்து இந்த வேலையைச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இணையச் சேவைக் கடையில் உட்கார்ந்திருப்பவர், வேலை விரைவாக முடிய வேண்டும் என்று மின்னஞ்சல் கட்டத்தில் தன் கடையின் முகவரியைப் போட்டுவிடுவது உண்டு. கணக்கு திறந்துவிடும். ஆனால் முதலீட்டு அறிக்கைகளும் கடவுச்சொல் மாற்றும் இணைப்புகளும் அவருக்கே போகும். கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் நம்முடையவையாக இருக்க வேண்டும். தாயின் கணக்குக்கு மகனுடைய எண்ணைக் கொடுப்பதாக இருந்தால், அது குடும்ப உறுப்பினருடையது என்று குறிக்கப் படிவத்திலேயே இடம் இருக்கும். அதைக் குறித்துவிட வேண்டும்.

அடுத்தது வங்கி இணைப்பு. இதற்குத் தேவை கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, அதோடு பெயர் அச்சிட்ட கேன்சல் செய்த காசோலை அல்லது பாஸ்புக்கின் முதல் பக்கம். விவரங்களைக் கொடுத்ததும் ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து நம் கணக்குக்கு 1 ரூபாய் வரும். சில இடங்களில் அதைத் திருப்பி, யுபிஐ மூலம் நம்மையே 1 ரூபாய் அனுப்பச் சொல்வார்கள். பலர் இதை மோசடி என்று அஞ்சுகிறார்கள். உண்மையில் அந்த 1 ரூபாயின் வேலை பணமல்ல. அது போய்ச் சேரும்போது வங்கி தன் பதிவில் உள்ள கணக்குதாரர் பெயரைத் திருப்பிச் சொல்கிறது. அந்தப் பெயரையும் பானில் உள்ள பெயரையும் ஒப்பிடுகிறார்கள். ஆக இதுவும் பெயர்ச் சோதனைதான். முன்பு சொன்ன திருத்தம் இங்கேதான் கை கொடுக்கிறது. பெயர் ஓரளவு மட்டும் பொருந்தினால் காசோலைப் படத்தைக் கேட்டு மனிதர் ஒருவர் பார்த்து முடிவெடுப்பார். அதற்கு நாள் பிடிக்கும்.

பெயர் சரியாக இருந்தும் இணைப்பு தோற்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பழைய ஐஎஃப்எஸ்சி. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைக்கப்பட்டன. அதன்பின் குறியீடுகள் மாறின. வீட்டில் இருக்கும் பழைய காசோலையிலிருந்து பார்த்து எழுதினால் தோற்கும். இரண்டு, 2 ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு ஏதும் செய்யாத கணக்கை வங்கி செயலற்றதாக்கிவிடும். கிளைக்குப் போய் உயிர்ப்பித்த பிறகே இணைக்க முடியும்.

நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் இன்னொரு கேள்வி இங்கேயே வருகிறது. துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் மகன், வேங்கிக்காலில் இருக்கும் தாயின் பெயரில் முதலீடு செய்ய விரும்புகிறார். மகனுடைய கணக்கிலிருந்து நேராக ஃபண்ட் நிறுவனத்துக்குப் பணம் கட்டலாமா? முடியாது. முதலீட்டாளரின் சொந்தக் கணக்கிலிருந்து வரும் பணத்தைத்தான் ஏற்பார்கள். பிறர் கணக்கிலிருந்து வந்தால் திருப்பிவிடுவார்கள். மகன் தாயின் வங்கிக் கணக்குக்கு அனுப்பட்டும், அங்கிருந்து தாய் முதலீடு செய்யட்டும். அதே மகன் தன் பெயரிலேயே திறப்பதாக இருந்தால், ஊரில் விட்டுப் போன பழைய சேமிப்புக் கணக்கைக் காட்டி உள்ளூர்வாசி என்று குறிக்கக் கூடாது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் என்ற நிலையிலேயே, கடவுச்சீட்டு, அங்குள்ள முகவரி ஆகியவற்றோடு கேஒய்சி செய்து, என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கை இணைக்க வேண்டும்.

மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள வங்கிக்குக் கொடுக்கும் அனுமதியில் ஒரு 'அதிகபட்சத் தொகை' கேட்பார்கள். 2,000 ரூபாய் கட்டப்போகிறவரின் திரையில் 10,000 என்றோ 25,000 என்றோ தானாக நிரம்பியிருக்கும். அது வரம்புதானே தவிர, எடுக்கும் தொகையல்ல. உறுத்தலாக இருந்தால் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம். தவணை நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி அபராதம் பிடிக்கும். ஆகவே சம்பளம் அல்லது வியாபாரப் பணம் வந்து சேரும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளித் தேதி வையுங்கள்.

இப்போது நாமினி. படிவத்தில் மிகச் சிறிய பகுதி இது. ஓடிபி வந்த அவசரத்தில் கடந்துபோகும் இடமும் இதுதான். நம் பார்வையில் முழுப் படிவத்திலும் அதிகம் யோசிக்க வேண்டிய இடம்.

கேட்கும் விவரங்கள் குறைவு. நாமினியின் பெயர், நமக்கு என்ன உறவு, எத்தனை சதவீதம், தொடர்பு விவரம், அடையாள எண் ஒன்று. அடையாள எண்ணாகப் பான் எண்ணையோ ஆதாரின் கடைசி 4 இலக்கங்களையோ கொடுக்கலாம், அட்டையின் நகல் தேவையில்லை. நாமினி சிறுவராக இருந்தால் பிறந்த தேதியும் பாதுகாவலர் பெயரும் சேரும். முன்பு 3 நாமினிகள் வரைதான் போட முடிந்தது. செபி 2025 ஜனவரி 10 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை அதை 10 பேர் வரை உயர்த்தியது. நாமினி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ஒதுங்கவும் வழி உண்டு.

மார்க்கப் பற்றுள்ள சிலர் இந்த 'வேண்டாம்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவருக்கு எழுதி வைத்தால் மற்ற வாரிசுகளின் பங்கு பறிபோகுமே, அல்லாஹ் வகுத்த பாகப்பிரிவினைக்கு மாறாகிவிடுமே என்ற அச்சம். இதற்கு நேர்மாறாகச் சிலர், மனைவியை நாமினியாகப் போட்டுவிட்டால் எல்லாம் அவளுக்கே, யாரும் கேட்க முடியாது என்று நம்புகிறார்கள். இரண்டு எண்ணமும் ஒரே தவறான அடிப்படையில் நிற்கின்றன. நாமினி சொத்துக்கு உரிமையாளர் ஆவதில்லை.

இதை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பர் 14 அன்று தெளிவாகச் சொன்னது. மராட்டியத்தில் புகழ்பெற்ற 'காலநிர்ணய்' நாள்காட்டியை நிறுவிய ஜெயந்த் சால்கோன்கர் 2013இல் காலமானார். அவர் விட்டுச் சென்றவற்றில் மியூச்சுவல் ஃபண்டுகளும் வைப்பு நிதிகளும் இருந்தன, அவற்றுக்கு நாமினிகளும் இருந்தார்கள். நாமினி என்ற முறையில் அவை முழுவதும் தங்களுக்கே சொந்தம் என்று நாமினிகள் தரப்பு வாதிட்டது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சக்தி யெஸ்தானி வழக்கு என்று இதைச் சொல்கிறார்கள். நிறுவனங்கள் சட்டத்தின்படியான நாமினி நியமனம், வாரிசுரிமைச் சட்டத்தை மீறிச் சொத்தை யாருக்கும் சொந்தமாக்கிவிடாது என்பதே தீர்ப்பு. மேலே சொன்ன செபி சுற்றறிக்கையும், நாமினி வாரிசுகளின் சார்பாகப் பொறுப்பாளராகவே பெற்றுக்கொள்கிறார் என்று கூறுகிறது. நமக்குப் பழக்கமான சொல்லில் சொன்னால், நாமினி கையில் வருவது அமானிதம்.

வாரிசுரிமை என்று வரும்போது நம் நாட்டில் முஸ்லிம்களுக்குப் பொருந்துவது 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின் வழியாக வரும் மார்க்கச் சட்டமே. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் சகோதரர் பல ஆண்டுகள் கட்டி, ஃபோலியோவில் 7,20,000 ரூபாய் இருக்கும்போது வஃபாத் ஆகிறார். நாமினி மனைவி. கடன் ஏதும் இல்லை, வஸிய்யத்தும் இல்லை. தந்தை முன்பே இறந்துவிட்டார். தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 90,000 ரூபாய். தாய்க்கு ஆறில் ஒன்று, 1,20,000 ரூபாய். மீதி 5,10,000 ரூபாயில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அதாவது 3,40,000, 1,70,000. நாமினி என்பதால் 7,20,000 ரூபாயும் மனைவியின் பெயருக்கு மாறும். அதில் அவருடையது 90,000. மற்றது பிறருக்குச் சேர்க்க வேண்டியது.

ஃபண்ட் நிறுவனம் இந்தப் பங்கைப் பிரித்துத் தராது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நாமினி வந்து இறப்புச் சான்றிதழ், தன் கேஒய்சி, வங்கி விவரம், விண்ணப்பம் ஆகியவற்றைக் கொடுத்தால் யூனிட்டுகளை அவர் பெயருக்கு மாற்றுவதோடு நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடும். அதற்குப் பின் தாயின் ஆறில் ஒன்றை மருமகள் கொடுக்கவில்லை என்றால், தாய் நிறுவனத்திடம் கேட்க முடியாது. குடும்பத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையேல் நீதிமன்றம் போக வேண்டும்.

அப்படியானால் நாமினியே போடாமல் விட்டால் என்ன? அப்போது வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், பிற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், உறுதிமொழிப் பத்திரம் என்று நீளும். தொகை பெரிதாக இருந்தால் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழும் கேட்பார்கள். ஒரு வாரிசு வெளிநாட்டில் இருந்தாலும், ஒருவர் கையெழுத்திட மறுத்தாலும் பணம் அப்படியே நிற்கும். இத்தா இருக்கும் ஒரு சகோதரி இந்த அலுவலகங்களை ஏறி இறங்க வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். நாமினி போடுவதால் யாருடைய பங்கும் குறைவதில்லை, அந்தப் பங்குகள் வந்து சேரும் வழிதான் சுருங்குகிறது.

யாரைப் போடுவது என்பதில் இரண்டு வழி இருக்கிறது. 10 பேர் வரை போடலாம் என்பதால் வாரிசுகள் எல்லோரையும் அவரவர் பங்குச் சதவீதத்தோடு எழுதிவிடலாமே என்று தோன்றும். நேர்த்தியாகத்தான் தெரிகிறது. ஆனால் பாகப்பிரிவினை இறக்கும் நாளில் உயிரோடு இருப்பவர்களை வைத்துத் தீர்மானமாவது. நாளை இன்னொரு குழந்தை பிறந்தாலோ, தாய் முந்திவிட்டாலோ சதவீதங்கள் எல்லாம் மாறிவிடும். நாமினி ஒருவர் நமக்கு முன்பே இறந்துவிட்டால் அவர் பங்கை மீதி நாமினிகளுக்குப் பகிர்ந்துவிடுவார்கள், மார்க்கக் கணக்கின்படி அல்ல. ஆகவே கணக்கு வழக்கு தெரிந்த, பிறர் உரிமைக்கு அஞ்சும் ஒருவரையோ இருவரையோ நாமினியாகப் போட்டு, இது அமானிதம், இன்னின்னாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி, எழுதியும் வைப்பது மேல் என்பது நமது எண்ணம். அந்த எழுத்து வஸிய்யத் ஆகவேண்டியதில்லை. வாரிசு அல்லாத ஒருவருக்கோ மத்ரஸாவுக்கோ மூன்றில் ஒரு பகுதிக்குள் வஸிய்யத் செய்ய விரும்பினால் அதைத் தனியாக, சாட்சிகளோடு எழுதுங்கள். நாமினிக் கட்டம் அதற்கான இடமல்ல.

நாமினியை எப்போது வேண்டுமானாலும் இணையத்திலேயே மாற்றலாம். திருமணத்துக்கு முன் தந்தையைப் போட்டவர் திருமணமானபின் மாற்றுவதில்லை. தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் ஃபோலியோவில் அவர் பெயரே இருக்கும். நிக்காஹ், குழந்தைப் பேறு, தலாக், மரணம் இவற்றில் ஒன்று வீட்டில் நடந்தால் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். நாமினியின் பெயரையும் அவருடைய பானில் உள்ளபடியே எழுதுங்கள். 'பாத்திமா' என்று செல்லமாகச் சுருக்கி எழுதிவிட்டால், பின்னாளில் ஆவணங்களோடு வந்து நிற்பவரிடம் அந்தப் பெயர் நீங்கள்தானா என்று கேட்பார்கள்.

முதல் தவணை போய்ச் சேர்ந்ததும் ஃபோலியோ எண் மின்னஞ்சலில் வரும். அதில் பெயர், வங்கியின் கடைசி இலக்கங்கள், நாமினி என்று மூன்றையும் சரிபார்த்து, அச்செடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, நாமினியிடம் இடத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமலே போன பெரியவர்களின் கணக்குகளைத் தேட இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. 10 ஆண்டுகளாக முதலீட்டாளர் தொடாமல் யூனிட்டுகள் தங்கியிருக்கும் ஃபோலியோக்களைத் தேடுவதற்காக, மித்ரா என்ற இணையத் தளத்தை அமைக்கச் செபி 2025 பிப்ரவரியில் சுற்றறிக்கை வெளியிட்டது. எம்எஃப் சென்ட்ரல் இணையதளத்தின் வழியாக அதற்குள் போகலாம். வாப்பாவோ நன்னாவோ எப்போதோ ஏதோ ஒரு ஃபண்டில் போட்டதாகப் பேச்சு இருக்கும் வீடுகளில், அவர்களுடைய பான் எண்ணையும் பெயரையும் வைத்து அங்கே தேடிப் பார்க்கலாம். பெயரைத் தேடும்போது இரண்டு 'எம்' போட்டு ஒரு முறை, ஒரு 'எம்' போட்டு ஒரு முறை.